16 சதவீதம் 18 ஆனபோது என்ன நடந்தது?

வெள்ளவத்தையில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையோடு வந்தார். கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி அது. "தம்பி, போன வருசம் ஆர்ஓஈ 16, இந்த வருசம் 18. இன்னும் கொஞ்சம் வாங்கலாம்தானே?" என்று கேட்டார்.

பங்குதாரரின் நூறு ரூபாய்க்கு எவ்வளவு இலாபம் என்பதுதான் ஆர்ஓஈ. அதை மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம் என்றேன். விற்பனையில் இலாபம் எத்தனை சதவீதம், சொத்தைப் போல எத்தனை மடங்கு விற்பனை, மூலதனத்தைப் போல எத்தனை மடங்கு சொத்து. மூன்றையும் பெருக்கினால் ஆர்ஓஈ. எண்களைச் சற்று முழுமையாக்கி, மில்லியன் ரூபாயில் தருகிறேன்.

முதல் ஆண்டில் விற்பனை 10,000, இலாபம் 800, மொத்தச் சொத்து 8,000, பங்குதாரர் மூலதனம் 5,000. அதாவது 8% × 1.25 × 1.6 = 16%.

இரண்டாம் ஆண்டில் விற்பனை 10,800, இலாபம் 756, சொத்து 10,800, மூலதனம் 4,200. இப்போது 7% × 1.0 × 2.57 = 18%.

இலாப வீதம் இறங்கியிருக்கிறது, சொத்தின் சுழற்சியும் குறைந்திருக்கிறது. உயர்ந்தது கடைசி எண் மட்டும். அது 1.6 ஆகவே இருந்திருந்தால் ஆர்ஓஈ 11.2% தான். ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, அந்த எண் ஏன் உயர்ந்தது? ஐந்தொகையில் விடை இருந்தது. பொறுப்புகள் 3,000 இல் இருந்து 6,600 ஆகியிருந்தன. அந்த ஆண்டில் இலாபத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல், 1,556, பங்கிலாபமாகப் போயிருந்தது. மூலதனம் சுருங்கியது அதனால்தான். கடன் வாங்கிய பணத்தில் இன்னொரு பகுதி சரக்கிருப்பிலும் கடனாளிகளிடமும் முடங்கியிருந்தது. விற்பனை 8% தான் கூடியது, சொத்தோ 35% கூடியது.

கடன் கூடுவது தன்னளவில் தவறல்ல. வங்கிகளுக்கு இந்த மடங்கு இயல்பாகவே மிக அதிகம், அவற்றை இந்த அளவுகோலில் எடைபோட வேண்டாம். ஆனால் 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது நமக்கு நினைவிருக்கிறது. 4,000 மில்லியன் மாறும் வட்டிக் கடன் என்று வைத்துக்கொண்டால், 5 புள்ளி ஏற்றமே வரிக்கு முந்தைய இலாபத்தில் 200 மில்லியனைத் தின்றுவிடும்.

இந்தக் கணக்கில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை ஒன்று உண்டு. அறிக்கையில் குழுமம், கம்பனி என்று இரண்டு நிரல்கள் இருக்கும். இலாபத்தை ஒன்றிலும் மூலதனத்தை மற்றதிலும் எடுத்துவிடுவார்கள். இன்னொன்று, காணியை மீள்மதிப்பீடு செய்த ஆண்டில் சொத்தும் மூலதனமும் சேர்ந்து ஏறும். தொழில் மாறாமலே சுழற்சியும் ஆர்ஓஈயும் இறங்கித் தெரியும்.

அப்புறம் ஐயாவும் நானும் கடன்கள் பற்றிய குறிப்புக்குப் போனோம். புதிய கடனில் பெரும்பகுதி ஒரு வருடத்துக்குள் தீர்க்க வேண்டியது.