மீளூட்டல் நோய்த்தொகை: ஒவ்வாமையும் அன்று, மறு உணவும் அன்று

மருத்துவமனைகளில் நோயாளியின் உறவினருக்குத் தரப்படும் தமிழ்க் கையேடுகளிலும் செவிலியர் பயிற்சிக் குறிப்புகளிலும் ‘மறு உணவு ஒவ்வாமை’ என்றொரு தொடர் அண்மைக் காலமாக என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பதற்கு ஈடாக இதை எழுதுகிறார்கள். பல நாள் பட்டினி கிடந்து உடல் தேய்ந்த ஒருவருக்கு மீண்டும் ஊட்டம் கிடைக்கத் தொடங்கிய முதல் சில நாட்களில், இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் சரிந்து, அதனால் இதயமும் மூச்சும் மூளையும் பாதிக்கப்படும் நிலையே அது. அதில் ஒவ்வாமை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

மூலச் சொல்லை விரைவாகப் பார்த்துவிடலாம். ‘ரீ’ என்பது மீள்வதையும் ‘ஃபீடிங்’ என்பது ஊட்டுவதையும் குறிக்கும். ‘சிண்ட்ரோம்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. ஒன்றாக ஓடுதல் என்பது அதன் பொருள். சேர்ந்தே தோன்றும் அறிகுறிகளின் கூட்டத்துக்கு அது பெயராயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சிறைமுகாம்களில் பட்டினியால் மெலிந்து மீட்கப்பட்டவர்களுள் சிலர், உணவு கிடைத்த பிறகு இதயம் தளர்ந்து இறந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தனர். 1981-இல் அமெரிக்காவில் வெய்ன்சியர், க்ரும்டீக் ஆகிய இருவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இப்பெயர் இடம்பெற்றது. அக்கட்டுரையில் சொல்லப்பட்ட நோயாளிகளுக்கு ஊட்டம் சென்றது வாய்வழியாக அன்று, சிரைவழியாக என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்; என் வாதம் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

முதலில் ‘ஒவ்வாமை’. ‘இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது’ என்று நாம் சொல்லும்போது, அந்தப் பொருள் என் உடலுக்குப் பகை, அதை விலக்கினால் போதும் என்று கேட்பவர் புரிந்துகொள்கிறார். மீளூட்டலில் உடலுக்குப் பகையான பொருள் எதுவும் இல்லை. பட்டினியின்போது உடல் கொழுப்பை எரித்துப் பிழைக்கிறது, இன்சுலின் தாழ்ந்திருக்கிறது, செல்களுக்குள் இருந்த தாது உப்புகள் சிறுகச் சிறுகக் குறைந்துவிடுகின்றன. மாவுச்சத்து உள்ளே போனவுடன் இன்சுலின் எழுகிறது. குளுக்கோஸோடு பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் இரத்தத்தைவிட்டுச் செல்களுக்குள் விரைகின்றன. குளுக்கோஸை எரிக்கத் தேவைப்படும் தயமின் என்னும் பி1 வைட்டமினும், ஏற்கெனவே சொற்பமாக இருந்தது, தீர்ந்துபோகிறது. அதாவது, உடல் உணவை ஏற்றுக்கொள்வதால் வரும் இடர் இது. ‘ஒவ்வாமை’ என்று படித்த உதவியாளர் தோலில் தடிப்பைத் தேடுவார். கால் வீக்கத்தையும், படபடப்பையும், மூச்சிரைப்பையும், திடீர்க் குழப்பத்தையும் தேடமாட்டார். உறவினரோ கஞ்சியே ஆகாது என்று எண்ணி ஊட்டத்தை அடியோடு நிறுத்திவிடுவார். இரண்டுமே நோயாளிக்குக் கேடு.

இனி ‘மறு உணவு’, அல்லது சற்றுத் திருத்தமாக எழுதுவதாக எண்ணிச் சிலர் ஆளும் ‘மறு உணவூட்டல் நோய்க்குறி’. மறுமணம், மறுவாழ்வு என்பவை நிலைபெற்றுவிட்டனவே, இதில் என்ன தவறு என்று கேட்கிறார்கள். மறுநாள், மறுதேர்வு என்பவற்றில்போல ‘மறு’ என்பது அடுத்ததொன்றை, இன்னொரு முறையைக் குறிக்கிறது. இழந்த நிலையிலிருந்து திரும்பி வருவதை ‘மீள்’ என்பதே நேராகச் சொல்கிறது. வார்டில் ‘மறு உணவு’ என்றால் காலை ஆகாரத்துக்குப் பின் வரும் அடுத்த வேளை என்றுதான் காதில் விழும். போதாக்குறைக்கு ‘உணவு மறுப்பு’ என்னும் தொடரும் அதே நோயாளிகளின் குறிப்பேட்டில் வழங்குகிறது. ‘நோய்க்குறி’யும் பொருந்தாது: அது ஒற்றை அறிகுறியைச் சுட்டும் சொல். பல குறிகள் ஒருங்கே வருவதை ‘நோய்த்தொகை’ என்பது ஐயமின்றிச் சொல்லிவிடுகிறது.

ஆனாலும் எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுவது ‘உணவு’ என்னும் சொல்தான். தமிழில் உணவு என்பது இட்லியும் கஞ்சியும் பாலும். சிரையில் இறங்கும் பாட்டிலை எவரும் உணவு என்று சொல்வதில்லை. ‘டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள்’ என்பதே வழக்கு. ஆனால் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், கலந்த உப்புநீரான டி.என்.எஸ். அரை லிட்டர் பாட்டில் ஒன்றில் 25 கிராம் குளுக்கோஸ், ஏறக்குறைய 85 கிலோகலோரி இருக்கிறது. நாலு பாட்டில் ஏறினால் 340 கிலோகலோரி. ‘ஊட்டல்’ என்றால் வாய், குழாய், சிரை ஆகிய மூன்று வழியும் அடங்கும். உண் என்பதன் பிறவினை ஊட்டு. உண்பவர் ஒருவர், ஊட்டுபவர் ஒருவர் என்பதால் பொறுப்பு யாருடையது என்பதும் அச்சொல்லிலேயே வெளிப்படுகிறது. ஆகவே ‘மீளூட்டல் நோய்த்தொகை’ என்பதே என் துணிபு. ஏகாதசி நோன்பிருந்து துவாதசியில் உண்பதற்குப் ‘பாரணை’ என்று அழகான சொல் இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் நினைவூட்டினார். அது உடல்நலமுள்ளவரின் ஒருநாள் நோன்பு முடிவு. அவருக்கு இந்த இடர் இல்லை. அச்சொல்லை இங்கே இழுத்துவந்தால் நோன்பிருப்போரை வீணாக அச்சுறுத்துவதாகும்.

சொல் தவறினால் கணக்கும் தவறும் என்பதற்கு ஒரு நோயாளியைக் கற்பித்துக்கொண்டு பார்ப்போம். உணவுக்குழாய் அடைப்புள்ள ஓர் அம்மையார்; உயரம் 150 செ.மீ.; நாலு மாதம் முன்பு 43 கிலோ, இப்போது 34 கிலோ. உடல் நிறை குறியீட்டெண் 15. எடை இழப்பு 20 சதவீதத்துக்கு மேல். 12 நாட்களாகத் தேநீரைத் தவிர ஏறக்குறைய எதுவும் இறங்கவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2006-இல் தந்த வழிகாட்டலின்படி, குறியீட்டெண் 16-க்குக் கீழ், ஆறு மாதத்துக்குள் 15 சதவீதத்துக்கு மேல் எடை இழப்பு, 10 நாளுக்கு மேல் உணவின்மை, தொடங்கும் முன்பே தாது உப்புகள் தாழ்ந்திருத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலே இடர் மிக அதிகம். இவருக்கு மூன்று இருக்கின்றன. பாஸ்பேட் மட்டும் 3.2 மி.கி./டெ.லி. என்று இயல்பாக இருக்கிறது. அதைக் கண்டு நிம்மதி அடைவது தவறு, ஏனெனில் பற்றாக்குறை செல்லுக்குள் இருக்கிறது, இரத்தம் அதைக் காட்டுவதில்லை.

குறிப்பேட்டில் எழுதியிருப்பது இது: ‘மாலை 4 மணிக்கு உணவு தொடங்கப்பட்டது, கிலோவுக்கு 10 கிலோகலோரி, மொத்தம் 340. தயமின் தரப்பட்டது. எலக்ட்ரோலைட் பார்க்கப்பட்டது.’ படித்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் காலை 9.30-க்கே அவசரப் பிரிவில் முதல் டி.என்.எஸ். பாட்டில் தொங்கிவிட்டது, மறுநாள் காலைக்குள் நாலு ஏறிவிட்டன. எனவே ஊட்டல் தொடங்கியது 4 மணிக்கன்று, 9.30-க்கு, பாட்டில்களின் 340-உம் குழாய்வழி தந்த 340-உம் சேர்ந்து முதல் நாள் திட்டம் 680 கிலோகலோரி, எழுதியதைப்போல் இருமடங்கு. தயமின் 100 மி.கி. மாலை 3.40-க்குப் போடப்பட்டது, குழாய் ஊட்டலுக்கு முன், ஆனால் குளுக்கோஸுக்குப் பின். அது குளுக்கோஸுக்கு முந்தியிருக்க வேண்டும். நேரம் எழுதாத ‘தரப்பட்டது’ இந்தப் பிழையை மறைத்துவிடுகிறது.

மூன்றாவது வாக்கியம் இன்னும் மோசம். நம் ஆய்வகங்களில் ‘எலக்ட்ரோலைட்’ என்று சீட்டு எழுதினால் வழக்கமாக வருவன சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட். பாஸ்பேட்டும் மக்னீசியமும் தனியே கேட்டால்தான் வரும். அதை ‘மின்பகுளிச் சோதனை செய்யப்பட்டது’ என்று தூய தமிழாக்கினாலும் குறை அப்படியேதான் இருக்கும். தனித்தமிழில் எனக்குப் பற்று உண்டு. ஆனால் இந்த இடத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் என்று மூன்றையும் பெயர் சொல்லி, எடுத்த நேரத்தோடு எழுதுவதே தெளிவு.

அதே இரவு 9.30-க்குப் பாஸ்பேட் 2.7. ஆய்வக எல்லை 2.5 முதல் 4.5 வரை என்பதால் அறிக்கையில் எந்த அடையாளமும் இல்லை. ஆனால் அமெரிக்காவின் ஆஸ்பென் அமைப்பு 2020-இல் வகுத்த வரையறை எல்லையைப் பார்ப்பதில்லை, சரிவைப் பார்க்கிறது: ஊட்டல் தொடங்கிய அல்லது கூட்டப்பட்ட 5 நாளுக்குள் இம்மூன்றில் ஒன்று 10 முதல் 20 சதவீதம் குறைந்தால் இலேசானது, 20 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது. 3.2-லிருந்து 2.7 என்பது 16 சதவீதச் சரிவு. முந்தைய அளவைப் பக்கத்தில் எழுதாமல் 2.7 என்று மட்டும் எழுதியவர் இதைத் தவறவிடுவார். மறுநாள் காலை 1.9; சரிவு 41 சதவீதம். இப்போது அறிக்கை சிவப்பாகக் காட்டுகிறது, பாதி நாள் தாமதமாக. இடர் மிகுந்தவருக்கு முதல் மூன்று நாள் 12 மணிக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சிகிச்சையிலும் பாட்டில் கணக்கு தேவைப்படுகிறது. மருத்துவர் பாஸ்பேட்டைச் சிரைவழி ஈடுசெய்து, உட்செல்லும் ஆற்றலைப் பாதியாக்கச் சொல்வார். ‘உணவு’ என்று மட்டும் நினைப்பவர் குழாய் ஊட்டலை 170 ஆக்கிவிட்டு டி.என்.எஸ்.ஸைத் தொடர்வார். ‘ஊட்டல்’ என்று நினைப்பவர் டெக்ஸ்ட்ரோஸை நிறுத்திக் குழாய் ஊட்டல் 340-ஐ அப்படியே வைப்பார்; பாதியாக்கியது அதுவே. தயமின் 100 மி.கி. நாள்தோறும் 5 முதல் 7 நாள் வரை, தேவைப்பட்டால் மேலும், தொடரும்.

அடுத்த கட்டத்தின் பெயரையும் கெடுத்துவைத்திருக்கிறார்கள்: ‘எச்சரிக்கையான கலோரி முன்னேற்றம்’. முன்னேறுவது கலோரி அன்று. ஆங்கிலத் தொடரின் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து வைத்தால் இப்படித்தான் வரும். ‘ஊட்ட அளவைப் படிப்படியாகக் கூட்டுதல்’ என்று எழுதினால் எந்தச் செவிலியருக்கும் புரியும். இந்த அம்மையாருக்கு இலக்கு கிலோவுக்கு 30 என்று வைத்தால் 1020 கிலோகலோரி. இலக்கில் மூன்றிலொரு பங்கை, அதாவது 340-ஐ, ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை கூட்டலாம். மூன்றாம் நாள் இரத்த அளவுகள் நிலைக்கும்வரை கூட்டாமல் 340-இலேயே வைத்து, நான்காம் நாள் 680, ஆறாம் நாள் 1020. கூட்டாத நாளுக்கும் காரணம் எழுத வேண்டும்: ‘பாஸ்பேட் 2.1, ஈடுசெய்யப்படுகிறது, ஊட்டல் கூட்டப்படாமல் 340-இலேயே தொடர்கிறது.’ அது எழுதப்படாவிட்டால் இரவுப் பணிக்கு வருபவர், ஒரு படி விட்டுப்போயிற்று என்று கருதிக் கூட்டிவிடுவார்.