குழந்தையின் கரப்பானுக்குக் களிம்பு எவ்வளவு?

வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. இரண்டு முழங்கை மடிப்பிலும் இரண்டு முழங்கால் மடிப்பிலும் கரப்பான், அதாவது எக்ஸிமா. டாக்டர் ஒரு ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்து, "தினம் ஒரு தடவை மெல்லிசா தடவுங்க" என்று சொல்லியிருக்கிறார். இவர் பயந்து பயந்து பொட்டு வைப்பதுபோல் தொட்டு வைக்கிறார். இரண்டு மாதமாகியும் 15 கிராம் ட்யூபில் பாதிகூடத் தீரவில்லை, கரப்பானும் போகவில்லை. "மெல்லிசு என்றால் எவ்வளவு?" என்று கேட்கிறார்.

அதற்கு அளந்து சொல்லக்கூடிய விடை இருக்கிறது. அதற்கு முன் தோலில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

தோலின் மேல்தட்டு ஒரு செங்கல் சுவர் மாதிரி. இறந்த செல்கள்தான் செங்கல், அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புதான் பூச்சு. கரப்பான் வரும் குழந்தைகளுக்கு இந்தச் சுவர் ஒழுகும். சிலருக்குக் காரணம் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள பழுது. அந்தத் தொடர்பை 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஒழுகும் சுவர் வழியே ஈரம் வெளியே போகிறது. சோப்பும் தூசியும் கிருமியும் உள்ளே வருகின்றன. உள்ளே காவலிருக்கும் நோய் எதிர்ப்பு செல்கள் கிளர்ந்து வீக்கத்தையும் அரிப்பையும் கிளப்புகின்றன. குழந்தை சொறிகிறது, சுவர் இன்னும் உடைகிறது.

மாய்ஸ்சரைசர் சுவரைப் பூசி அடைக்கிறது. ஸ்டீராய்டு உள்ளே போய், வீக்கத்தை மூட்டும் மரபணுக்களை அடக்குகிறது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. தோல் தடித்து அரித்துக்கொண்டிருக்கும்போது மாய்ஸ்சரைசரை மட்டும் நம்புவது, எரிகிற வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலத்தான்.

மாய்ஸ்சரைசர் எது என்பதில் நிறையப் பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள். லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் என்று நான்கு வகையையும் பிரிட்டனில் 550 குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். எந்த வகையும் மற்றதைவிட மேலாக வேலை செய்யவில்லை. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு அது. எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு கேள்விக்குச் செலவு செய்யாது; அதனால்தான் நம் வெயிலிலும் வியர்வையிலும் இதேபோல் ஒன்றை நம் அரசு நிதியில் நடத்த வேண்டும் என்கிறேன். அதுவரை, வாசனை சேர்க்காததாக, குழந்தை அழாமல் பூசிக்கொள்வதாக, வீட்டுச் செலவுக்குக் கட்டுப்படியாவதாகப் பாருங்கள். பகலில் பிசுபிசுக்காத கிரீம், ராத்திரி தூங்கும்போது வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி என்று வைத்துக்கொண்டால் போதும்.

வகையைவிட அளவுதான் முக்கியம். உடம்பில் பரவலாகக் கரப்பான் இருக்கும் குழந்தைக்கு வாரம் 250 கிராமாவது வேண்டும் என்பது பிரிட்டிஷ் வழிகாட்டுதல். நாம் வாங்கும் 50 கிராம் ட்யூப் ஒன்றரை நாளுக்குத்தான் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன் உடம்பு முழுக்கப் பூசுங்கள். முடி படிந்திருக்கும் திசையிலேயே கையை வழிய விடுங்கள். அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைத்துச் சிறு கட்டிகள் வரும்.

இனி ஸ்டீராய்டு அளவு. 1991இல் கார்டிஃப் நகரத்துத் தோல் மருத்துவர்கள் லாங், ஃபின்லே இருவரும் தராசே தேவைப்படாத ஓர் அளவையைச் சொன்னார்கள். பெரியவர்களின் ஆள்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை ட்யூபை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். ட்யூபின் வாய் 5 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் அந்தக் கோடு ஏறக்குறைய அரை கிராம். விரல்களை இடைவெளியின்றிச் சேர்த்து, பெரியவர் கை இரண்டைத் தட்டையாக வைத்தால் எவ்வளவு இடமோ, அவ்வளவு தோலுக்கு அந்த அரை கிராம் சரியாக இருக்கும். கையும் விரலும் பெரியவருடையதாகவே இருக்க வேண்டும், குழந்தையுடையது அல்ல.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. இரண்டு கைகளின் பரப்பு சுமார் 300 சதுர சென்டிமீட்டர். அரை கிராமை அதன்மேல் சீராகப் பரப்பினால் படலத்தின் தடிமன் ஏறக்குறைய 17 மைக்ரான் வரும். தலைமுடி ஒன்றின் தடிமனில் பாதிகூட இல்லை. தோலின் மேல்தட்டான அந்தச் செங்கல் சுவரின் தடிமனும் உடம்பின் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரான்தான்! சுவர் எவ்வளவு கனமோ, மேலே பூசும் மருந்தும் அவ்வளவே கனம். டாக்டர் "மெல்லிசு" என்றது இந்தத் தடிமனைத்தான். நோயுள்ள இடம் முழுவதையும் அது மூட வேண்டும். நடுவில் ஒரு பொட்டு வைப்பது மெல்லிசு ஆகாது, குறைவு.

வாசகியின் மகளுக்குக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு மடிப்பிலும் கரப்பான் அம்மாவின் கையில் பாதி அளவு இருக்கிறது என்கிறார். நான்கு மடிப்பும் சேர்ந்தால் இரண்டு கை அளவு. ஆக, ஒரு விரல் நுனி அளவு, அரை கிராம். அதை நான்காகப் பிரித்து மடிப்புக்கு ஒரு பங்காகத் தடவ வேண்டும். தினம் ஒரு தடவை என்றால் 15 கிராம் ட்யூப் 30 நாளில் காலியாகும். இரண்டு மாதமாகியும் பாதி தீரவில்லை என்றால், குழந்தைக்குத் தேவையானதில் கால் பங்குகூடப் போகவில்லை. வீக்கம் அடங்காமல் நீண்டுகொண்டே போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஸ்டீராய்டால் தோல் மெலியும் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் அது வீரியமான களிம்பை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விடாமல் பூசும்போது வருவது. சரியான வீரியத்தைப் போதிய அளவில் சில நாள் பூசி நிறுத்தும்போது அந்த ஆபத்து மிகக் குறைவு.

வீரியம் என்றதும் பலர் ட்யூபில் இருக்கும் சதவீதத்தைப் பார்க்கிறார்கள். அது ஏமாற்றும். ஹைட்ரோகார்ட்டிசோன் 1% மிதமானது, க்ளோபெட்டசால் 0.05% மிக மிக வீரியமானது. வீரியம் மருந்தின் பெயரில் இருக்கிறது, எண்ணில் இல்லை. முகத்துக்கு மிதமானது மட்டும்தான். டயப்பர் மூடும் இடத்தில் மருந்து கூடுதலாக உள்ளே இறங்கும் என்பதால் டாக்டர் சொல்லாமல் பூசக்கூடாது. பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த ட்யூபைச் சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கிப் பூசுவதை இன்றே நிறுத்துங்கள்.

இதோடு இன்னொன்று. கரப்பான் பண்டம் என்று சொல்லி, பிள்ளைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கத்திரிக்காய், மீன், முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்தும் வழக்கம் எனக்குக் கோபத்தைத் தருகிறது. குறிப்பிட்ட ஓர் உணவைச் சாப்பிட்டதும் தடிப்போ வாந்தியோ வருகிறது என்றால் டாக்டரிடம் சோதித்துக்கொள்ளலாம். அப்படி எதுவும் இல்லாமல் பத்தியம் வைத்தால் குழந்தை மெலிகிறது, கரப்பான் அப்படியே இருக்கிறது.

தடவும் வரிசையில் எது முதலில் என்பது பெரிய விஷயமில்லை. ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே ஒரு கால் மணி நேரம் விடுங்கள். அரிப்பும் தடிப்பும் அடங்கிய பிறகு இன்னும் இரண்டு நாள் ஸ்டீராய்டு பூசிவிட்டு நிறுத்துங்கள். மாய்ஸ்சரைசரை நிறுத்த வேண்டாம். நம் தோலில் வீக்கம் சிவப்பாகத் தெரியாமல் கருஞ்சாம்பலாகத் தெரியலாம் என்பதால் கண்ணை நம்பாமல் விரலால் தொட்டுப் பாருங்கள். சொரசொரப்பும் தடிப்பும் போய், நிறம் மட்டும் வெளிறியோ கறுத்தோ நின்றால் அது நோய் ஆறிய தழும்பு நிறம்தான். அதற்கு ஸ்டீராய்டு வேண்டாம், மாதக்கணக்கில் தானாக மாறும். அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் மட்டும் பூசும் முறை உண்டு. அதை டாக்டரிடம் கேளுங்கள்.

சரியான அளவில் பூசியும் இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, மஞ்சள் பொருக்கு கட்டி நீர் வடிந்தாலோ கிருமி சேர்ந்திருக்கலாம், திரும்பப் போய்க் காட்டுங்கள். ஆணியால் குத்தி எடுத்ததுபோல ஒரே அளவில் வட்டவட்டமான புண்களோ கொப்புளங்களோ வேகமாகப் பரவி, வலியும் காய்ச்சலும் வந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.