செம்புக் கம்பியின் நடுவே எப்போது சூடேறும்?

அரை மீட்டர் நீளச் செம்புக் கம்பி ஒன்று, முழுவதும் 0 டிகிரியில் இருக்கிறது. இடது முனையைப் பனிக்கட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வலது முனையைச் சட்டென்று 100 டிகிரிக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்துகிறோம். பக்கவாட்டில் வெப்பம் கசியாதபடி கம்பியைச் சுற்றி மூடியாயிற்று. நடுப்புள்ளியின் வெப்பநிலை நேரத்தோடு எப்படி மாறும்?

கம்பிக்குள் நடப்பதைச் சொல்வது வெப்பச் சமன்பாடு. இதில் u வெப்பநிலை, x இடது முனையிலிருந்து உள்ள தூரம், t நேரம், α செம்பில் வெப்பம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைக் குறிக்கும் எண்; கம்பியின் நீளத்தை L என்போம்:

```
u_t = α u_xx,   α ≈ 1.1×10⁻⁴ m²/s
```

விடையை `u = X(x)T(t)` என்று, இடத்துக்கு ஒரு பங்கும் நேரத்துக்கு ஒரு பங்குமாகப் பிரிக்கலாம் என்பது ஃபூரியே 1822-இல் வெளியிட்ட நூலில் பயன்படுத்திய வழி. மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வலது முனையில் `X(L)T(t) = 100` என்று எழுதிவிடுவார்கள். X(L) வெறும் எண். அப்படியானால் T-யும் மாறாத எண்ணாகிவிடும். நேரம் என்பதே கணக்கிலிருந்து காணாமல் போகும். பிரித்த விடைகளைக் கூட்டிப் புது விடை செய்ய வேண்டுமானால் இரு முனைகளும் சுழியமாக இருக்க வேண்டும்.

ஆகவே முதலில் வெகுநேரம் கழித்துக் கம்பி எப்படி இருக்கும் என்று பாருங்கள்: `100x/L` என்ற நேர்கோடு. அதைக் கழித்துவிட்டால் மிச்சமுள்ள w இரு முனைகளிலும் சுழியம்; தொடக்கத்தில் அது `-100x/L`. இப்போது `w = XT` என்று பிரித்தால்:

```
T'/(αT) = X''/X = -k²
```

இடப்பக்கம் நேரத்தை மட்டும், வலப்பக்கம் இடத்தை மட்டும் சார்ந்தது. இரண்டும் எப்போதும் சமமாக இருக்க ஒரே வழி, இரண்டும் ஒரு மாறிலியாக இருப்பது. அது எதிர்மறையாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் X வளைந்து திரும்பி மறுமுனையில் சுழியத்தைத் தொடாது. ஆக X சைன் அலை, `k = nπ/L`. தொடக்க நிலையைச் சைன் தொடராக விரித்தால் கெழு `200(-1)ⁿ/(nπ)`. நடுப்புள்ளியில் இரட்டைப்படை n எல்லாம் மறைந்துவிடும்:

```
u = 50 - 63.7e^(-t/τ) + 21.2e^(-9t/τ) - 12.7e^(-25t/τ) + ...
τ = L²/(π²α) ≈ 230 s
```

அடுக்கில் வரும் 1, 9, 25 ஆகியவற்றைக் கவனியுங்கள். நெளிவு அதிகமான அலை அவ்வளவு வேகமாக அழிகிறது. 230-ஆவது விநாடியில் முதல் அலையை மட்டும் வைத்தாலே 26.6 டிகிரி கிடைக்கும்; மற்றவை நூறில் ஒரு டிகிரியைக்கூட மாற்றுவதில்லை.

அதே துணிச்சலை 23-ஆவது விநாடியில் காட்டினால் விடை -7.6 டிகிரி. கம்பியில் எங்கும் சுழியத்துக்குக் கீழே எதுவும் இல்லை. நடுவில் மட்டும் குளிர் எங்கிருந்து வரும்? இந்த எதிர்மறை எண்ணைப் பார்த்தவுடனே உறுப்புகள் போதவில்லை என்று புரிந்துகொள்ளலாம். நான்கு அலைகளைச் சேர்த்தால் சுமார் 0.05 டிகிரி வருகிறது. வெப்பம் நடுவரை இன்னும் வந்துசேரவில்லை என்பதே அதன் பொருள்.

ஆய்வகத்தில் அளந்தால், வலது முனை 100-க்குச் சற்றுக் கீழேயே நிற்கக் காணலாம். செம்பு வெப்பத்தை அவ்வளவு வேகமாக உறிஞ்சிக் கடத்துவதால், சுற்றியுள்ள கொதிநீருக்கும் உலோகப் பரப்புக்கும் இடையே ஒரு வெப்பநிலை இடைவெளி விழும். அப்போது முனை நிபந்தனையையே மாற்றி எழுத வேண்டும். k-வும் `nπ/L` ஆக இருக்காது.