தணிக்கை: ஏலச்சீட்டுக் கணக்கில் இந்தச் சொல்லுக்கு என்ன வேலை

கடலூர், புதுச்சேரி பக்கம் சீட்டு கட்டுகிறவர்களிடம் ஆடிட் என்றால் உடனே புரிகிறது, தணிக்கை என்றால் பலருக்கு சினிமா சென்சார்தான் முதலில் ஞாபகம் வருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்தான். அரபியில் 'தன்கீஹ்' என்றால் வேண்டாததை நீக்கிச் சீராக்குவது, அது உருது வழியாக வந்து தணிக்கை ஆனது. ஆடிட்டுக்கு மூலமான லத்தீன் சொல்லின் பொருள் கேட்பது, அந்தக் காலத்தில் கணக்கை ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் கேட்டுச் சரிபார்த்திருக்கிறார். தமிழிலேயே சொல்ல வேண்டுமென்றால் கணக்காய்வு இருக்கிறது, இலங்கையில் அரசு வழக்கே அதுதான். எனக்கும் அதுதான் பிடிக்கும், ஏனென்றால் ஏலச்சீட்டில் கூட்டல் சரியா என்று பார்த்துவிட்டு எழுந்துவிட முடியாது, ஆய வேண்டியிருக்கிறது.

ஏன் என்று ஒரு கணக்கில் பார்ப்போம். கடலூர் முதுநகரில் 25 பேர் சேர்ந்த 5 லட்ச ரூபாய் சீட்டு, மாதம் 20,000 தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் மாதம் ஒருவர் 1,20,000 தள்ளி ஏலம் எடுக்கிறார். அவர் கைக்கு வர வேண்டியது 3,80,000. தள்ளிய பணத்தில் சீட்டு பிடிப்பவரின், அதாவது ஃபோர்மேனின் கமிஷன் முதலில் போகும். ஒப்பந்தத்தில் 5 சதவீதம் என்று இருந்தால், முழுச் சீட்டுத் தொகைக்கு அது 25,000. மீதி 95,000ஐ 25 பேருக்கும் பிரித்தால் தலைக்கு 3,800, ஆகவே அந்த மாதம் ஆளுக்கு 16,200 கட்டினால் போதும். 25 பேர் கட்டுவது 4,05,000. எடுத்தவருக்கு 3,80,000, கமிஷன் 25,000, கணக்கு நேர்.

இப்போது அதே மாதம் ஃபோர்மேன் 7 சதவீதம் எடுத்துக்கொண்டார் என்று வையுங்கள். கமிஷன் 35,000, பங்கு தலைக்கு 3,400, ஆளுக்குத் தவணை 16,600, வசூல் 4,15,000. எடுத்தவருக்கு 3,80,000 போக 35,000. இதுவும் நேர்! பேரேடு, ரசீது, வங்கிக் கணக்கு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தும், ஆனால் ஒவ்வொருவரிடமும் 400 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது, மாதத்துக்குப் பத்தாயிரம், மீதி மாதங்களிலும் இப்படியே போனால் மொத்தம் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டம் முதலில் 5 சதவீதம் வரை அனுமதித்தது, 2019 திருத்தம் அதை 7 ஆக்கியது. ஆனால் அது உச்சவரம்பு, உரிமை அல்ல. ஒப்பந்தத்தில் 5 என்றால் 5தான். அதனால் பேரேட்டைத் திறக்கும் முன்பே பதிவான சீட்டு ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதக் கமிஷனையும் அதோடு ஒப்பிட வேண்டும்.

அந்தத் திருத்தம் சில சொற்களையும் மாற்றியது. ஏலம் எடுத்தவர் பெறுவதைப் பரிசுத் தொகை என்று சொல்லி வந்தார்கள், இப்போது நிகரச் சீட்டுத் தொகை. டிவிடெண்ட் என்பது தள்ளுபடியில் பங்கு ஆனது. நல்ல மாற்றம், இது லாபமும் இல்லை, பரிசும் இல்லை, தம் பணத்தைத் தமக்குள் சுற்றிவிடுவதுதானே.

அப்புறம் உறுப்பினர் பதிவேடு. இங்கே தப்பு நடந்தால் அது பெயரில் ஒளிந்திருக்கும். ஆள் சேராத இடத்தில் பினாமிப் பெயரைப் போட்டு, முதல் சில மாதங்களிலேயே அந்தப் பெயரில் சீட்டை எடுத்துவிட்டு, பிறகு தவணை நின்றுபோனால் மற்றவர்கள் தலையில் விழும். பதிவேட்டுப் பெயர், ஏல நடவடிக்கைக் குறிப்பில் உள்ள கையெழுத்து, ஜாமீன் பத்திரம், பணம் போன வங்கிக் கணக்கு, இந்த நான்கும் ஒரே ஆளைக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஜாமீன் போட்டவரே இன்னொரு சீட்டில் ஃபோர்மேனின் ஜாமீன்தாராகவும் இருந்தால் அங்கே நின்று விசாரிக்க வேண்டும். உறுப்பினர் வீட்டில் இருக்கும் பாஸ்புத்தகத்தையும் சிலரிடமாவது வாங்கிப் பேரேட்டோடு ஒப்பிடாமல் விடக்கூடாது, கட்டியது ஒன்று, வரவு வைத்தது வேறு என்பது அங்கேதான் தெரியும்.

பணம் கொடுத்த தேதியும் அப்படித்தான். எடுத்தவர் ஜாமீன் தரத் தாமதித்தால் அவருடைய தொகை ஃபோர்மேனின் நடப்புக் கணக்கில் கிடக்கக் கூடாது, அடுத்த தவணைத் தேதி வரையும் கொடுபடவில்லை என்றால் உடனே அங்கீகரிக்கப்பட்ட வங்கியில் தனிக் கணக்கில் போட வேண்டும். அந்தக் கணக்கின் ஸ்டேட்மெண்டைக் கேளுங்கள். ஏலம் ஜூனில், பணம் கொடுத்தது ஆகஸ்டில், இடையில் தனிக் கணக்கில் எந்த வரவும் இல்லை என்றால், அந்த 3,80,000 வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம், பெரும்பாலும் பழைய சீட்டின் பாக்கியை அடைக்க.