பாண்டுல 7% போட்டிருக்கு, ஈல்டு 8% காட்டுது, எது நெஜம்?

ரிசர்வ் பேங்க் 2021 நவம்பர்ல ரீட்டெயில் டைரக்ட்னு ஒரு வசதி கொண்டு வந்தாங்க, அதுல கவர்மெண்ட் பாண்டை நாமளே நேரா வாங்கலாம், நம்ம புதுச்சேரி அரசு கடன் வாங்க விடுற பாண்டு கூட அதுல வரும். குறைஞ்சது 10,000 ரூபா இருந்தா போதும். மஞ்சக்குப்பத்துல ரிட்டயர் ஆன சார் ஒருத்தர் அதப் பாத்துட்டு கேட்டதுதான் மேல இருக்கற கேள்வி.

ரெண்டுமே நெஜந்தான். பாண்டுல போட்டிருக்கற 7% தான் கூப்பன், அதாவது முகமதிப்புக்கு, கடைசில திருப்பித் தர்ற தொகைக்கு, தர்ற வட்டி, ஏலம் விட்டப்ப முடிவானது, கடைசி வரைக்கும் மாறாது. ஆனா ஏலம் முடிஞ்சப்பறம் பாண்டு கைமாறிட்டே இருக்கும், வெளில வட்டி ஏறிடுச்சுன்னா பழைய 7% பாண்டை யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டாங்க, அதனால விலை இறங்கும். நீங்க என்ன விலை குடுக்கறீங்களோ அதுக்கு மெச்சூரிட்டி வரைக்கும் வருஷத்துக்கு என்ன கெடைக்குதுங்கறதுதான் ஒய்டிஎம், அங்க காட்டுற ஈல்டு இதுதான்.

10,000 ரூபா முகமதிப்பு, 7% கூப்பன், இன்னும் 5 வருஷம் பாக்கி, விலை 9,594னு வெச்சுக்குங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ 350 ரூபா, மொத்தம் 10 தடவ, கடைசில 10,000 கைக்கு வரும். 700ஐ 9,594ஆல வகுத்தா 7.3% தான் வருது, இதோட நிறுத்திட்டா கடைசில கூட வர்ற 406 ரூபா கணக்குலயே வராது.

அதனால வரப்போற ஒவ்வொரு தொகைக்கும் இன்னிக்கு என்ன மதிப்புன்னு பாக்கணும். அரை வருஷத்துக்கு 4% வெச்சா மொத 350க்கு இன்னிக்கு மதிப்பு சுமார் 336.50, கடைசியா வர்ற 10,350க்கு சுமார் 6,992, இப்படி பத்தையும் கூட்டினா 9,594 வந்துடும். 3.75% வெச்சிருந்தா 9,795 வரும், அது நம்ம விலைய விட ஜாஸ்தி, அப்ப ரேட்டை ஏத்தணும்னு அர்த்தம். ஏத்தி எறக்கிப் பாத்துதான் விடை கெடைக்கும், நேரா போட ஃபார்முலா கிடையாது. 4%ஐ ரெண்டால பெருக்கினா 8%. எக்செல்ல இப்படி அடிச்சா அதுவே பாத்துக்கும்:

```
=RATE(10,350,-9594,10000)*2
```

விலை 10,000க்கு மேல போச்சுன்னா இதே கணக்கு தலைகீழா ஆகும், ஒய்டிஎம் கூப்பனை விட கம்மியாயிடும். கூப்பன் பெருசா இருக்கேன்னு பாண்டை எடுக்கறவங்க மாட்டிக்கறது இங்கதான்.

கூப்பன் வந்து மூணு மாசம் கழிச்சு வாங்கினா 9,594 மேல 175 ரூபா சேத்து கேப்பாங்க. பழைய ஓனருக்கு சேந்த வட்டி அது, அடுத்த 350ல உங்களுக்கு திரும்பி வந்துடும், மேல இருக்கற RATE ஃபார்முலால அதை விலையோட சேக்காதீங்க.

இன்னொண்ணு முக்கியம், அந்த 8% முழுசா கைக்கு வரணும்னா ஒவ்வொரு 350ஐயும் திரும்ப அதே 8%ல போடணும், பாண்டையும் கடைசி வரைக்கும் வெச்சிருக்கணும். சேவிங்ஸ் அக்கவுண்ட்ல அப்படியே கெடந்தா கம்மியாத்தான் வரும், நடுவுல வித்தா அன்னிக்கு என்ன விலையோ அதுதான்.