30 நொடியில் ஒரு பாடம்: விளம்பர ஸ்கிரிப்ட் மறைக்கும் நிமிடங்கள்

கற்றல் செயலிகளுக்கு விளம்பர ஸ்கிரிப்ட் எழுதும் எனக்கு அடிக்கடி வரும் கோரிக்கை இது: "ஒரு குழந்தை செயலியைத் திறக்க வேண்டும், பாடத்தை முடிக்க வேண்டும், சிரிக்க வேண்டும். எல்லாம் 30 நொடிக்குள்." ஆப் ஸ்டோரில் வைக்கும் முன்னோட்டக் காணொளிக்கு ஆப்பிள் தரும் உச்ச அளவும் 30 நொடிதான். அதனால் நீளத்தைக் கூட்ட முடியாது. அந்த நீளத்துக்குள் எதைக் காட்டுவது என்பது எழுதுபவர் கையில் இருக்கிறது.

பின்னக் கூட்டல் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளக்கம், ஒரு மாதிரிக் கணக்கு, ஆறு பயிற்சிகள். முதல்முறை கற்கும் மாணவருக்கு எட்டு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான ஸ்கிரிப்ட் இதை அப்படியே சுருக்கிவிடும். விரல் தட்டும், பச்சைக் குறி விழும், முன்னேற்றப் பட்டை நிரம்பும். ஒரு தவறுகூட நிகழாது. திரைப்பதிவைச் செய்பவர் பெரும்பாலும் செயலியை உருவாக்கிய குழுவில் ஒருவர். அவருக்கு எல்லா விடையும் தெரியும்.

இதன் விளைவை விளம்பரத்தைப் பார்த்த பெற்றோரின் வீட்டில்தான் காண முடியும். தங்கள் பிள்ளை மூன்றாவது கணக்கிலேயே நின்று யோசிப்பதைப் பார்த்ததும், பிள்ளை மந்தம் என்று முடிவு செய்கிறார்கள். யோசிப்பதுதான் அங்கே நடக்கும் கற்றல். அதைத்தான் நாம் வெட்டி எறிந்திருக்கிறோம். இதை நான் சிறிய பிழையாகக் கருதவில்லை.

நான் பரிந்துரைப்பது, முழுப் பாடத்தைச் சுருக்காமல் ஒரே ஒரு கணக்கைக் காட்டுவது. 1/2 + 1/3 போதும். முதல் மூன்று நொடி திரை முழுக்க அந்தக் கணக்கு மட்டும். அடுத்த ஆறு நொடியில் சிறுமி யோசித்து 2/5 என்று தட்டுகிறாள். தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிடுவது பின்னத்தில் மிகவும் பரவலான தவறு. பார்க்கும் பெரியவர்களில் பலரும் அதையே செய்திருப்பார்கள். 9ஆவது நொடியில் செயலி இரண்டு பட்டைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வரைகிறது: மேலே 1/2, கீழே அதைவிடக் குட்டையான 2/5. பின்னணிக் குரல் இங்கேதான் முதல்முறை பேசுகிறது: "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். விடை பாதியைவிடக் குறையுமா?" 15ஆவது நொடியிலிருந்து பட்டை ஆறு துண்டாகிறது. 3/6, 2/6. அவள் 5/6 என்று தட்டுகிறாள். கடைசி ஆறு நொடிக்கு ஓர் அட்டை: "இது ஒரு கணக்கு. பாடத்தில் ஆறு கணக்குகள். முடிக்க ஏறத்தாழ எட்டு நிமிடம்."

அந்த எட்டு நிமிடத்தை ஊகித்து எழுதக் கூடாது. பாடத்தை முதல்முறை திறந்த மாணவர்களின் பயன்பாட்டுப் பதிவிலிருந்து செயலி நிறுவனம் தர வேண்டும். தராவிட்டால் அந்த வரியில் எண் வராது. "ஆறு கணக்குகள்" என்பதோடு நிற்கும்.

குரலுக்கு எழுதும்போது நிதானமான வேகத்தில் நொடிக்குச் சுமார் இரண்டு சொல் என்று கணக்கிடுகிறேன். அப்படியானால் 30 நொடிக்கு அறுபது சொல் பிடிக்கும். ஆனால் கணக்கைப் படிப்பவரின் காதில் பேசிக்கொண்டே இருந்தால் அவரால் கணக்கைப் படிக்க முடியாது. எனவே இருபத்தைந்து சொல்லுக்குமேல் எழுதுவதில்லை. மீதி நேரம் அமைதிக்கு.

சிறுமியின் யோசனை உண்மையில் ஆறு நொடியைவிட நீளலாம். அப்போது நடுவில் வெட்ட வேண்டியிருக்கும். அந்த வெட்டு தெரிய வேண்டும்: காட்சி மங்கி, "சற்று நேரம் கழித்து" என்று பெரிய எழுத்தில் வரட்டும். மூலையில் பொடி எழுத்தில் "காட்சி சுருக்கப்பட்டுள்ளது" என்று போடுவது யாருக்கும் பயன்படாது. கைபேசியில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர் கண்ணில் அது படுவதே இல்லை. முழுப் பாடத்தையும் காட்டியே தீர வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதமாக இருந்தால், திரையில் ஒரு கடிகாரம் வையுங்கள். காட்சி வேகமாக ஓடட்டும். கடிகாரம் நிமிடங்களை ஒளிக்காமல் எண்ணட்டும்.

முதல் தொகுப்பு தயாரானதும், செயலியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் ஒலியின்றிப் போட்டுக்காட்டி, "இந்தப் பாடம் எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று கேட்கிறேன். "அரை நிமிடம்" என்று பதில் வந்தால் அட்டையின் எழுத்தைப் பெரிதாக்குகிறேன், அல்லது அதை முதல் காட்சிக்கே கொண்டுவருகிறேன். பிறகு, இன்னும் பார்க்காத வேறொருவரிடம் காட்டுகிறேன்.