அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை

துக்கம் தாங்காமல் வருபவர்களைவிட, துக்கமே வரவில்லை என்று வருபவர்கள்தான் அதிகம் குழம்பிப்போயிருப்பார்கள். "மரக்கட்டை மாதிரி இருக்கேன் டாக்டர்" என்பார்கள். மனச்சோர்வு நோயாலும், பெரிய அதிர்ச்சியாலும் மனது இப்படி மரத்துப்போகும். பலர் யோசிக்காத இன்னொரு காரணம், மனச்சோர்வுக்குச் சாப்பிடும் மாத்திரை.

ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மா (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). கணவர் இறந்தபின் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எந்நேரமும் அழுகை. எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை 10 மில்லிகிராமில் தொடங்கி 20 வரை கூட்டினோம். தூக்கமும் பசியும் திரும்பின, வேலைக்கும் போனார். சில மாதம் கழித்து மகளுக்கு நிச்சயதார்த்தம். சந்தோஷமும் வரவில்லை, கணவர் இல்லையே என்ற அழுகையும் வரவில்லை. "நோய் திரும்பிடுச்சு, மாத்திரையைக் கூட்டுங்க" என்றார் மகள்.

கூட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது, மரத்துப்போனது மாத்திரைக்கு முன்பா, பின்பா என்பது. மனச்சோர்வில் சந்தோஷம் போனாலும் குற்றவுணர்வு உள்ளே குடைந்துகொண்டிருக்கும். தூக்கமும் பசியும் பெரும்பாலும் கெட்டிருக்கும். மாத்திரையால் என்றால் மற்றதெல்லாம் சரியாகியிருக்கும், ஆனால் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே மங்கியிருக்கும். டோஸ் கூடினால் இதுவும் கூடலாம். சிலருக்கு இரண்டும் கலந்திருக்கும்; அப்போது பிரித்துச் சொல்வது எங்களுக்கும் சுலபமில்லை.

அந்த அம்மாவுக்குத் தூக்கமும் பசியும் திரும்பியிருந்ததால் 20ஐ 15 ஆக்கி, சில வாரம் பார்த்துவிட்டு 10க்கு வந்தோம். இதை யாரும் தானாகச் செய்ய வேண்டாம். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, தூக்கக் கோளாறு எல்லாம் வரலாம். நோயும் திரும்பலாம்.

"இப்ப மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். அதனால் உடம்பிலிருந்து தொடங்கினோம். காபி டம்ளரின் சூடு விரலில் எங்கே படுகிறது, மணம் எப்போது மூக்குக்கு எட்டுகிறது என்று கவனிப்பது. அப்புறம் முன்பு பிடித்த வேலை ஒன்று, தினம் பத்து நிமிடம். அவருக்கு அது பூக்கட்டுவது. முடித்ததும் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் எழுதுவார். முதல் நாட்களில் பெரும்பாலும் 0தான். ஆசை வந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தால் வராது. செய்யச் செய்யத்தான் ஆசை எட்டிப்பார்க்கும்.

முதலில் திரும்பியது சந்தோஷம் இல்லை, எரிச்சல். மிக்ஸி சத்தத்துக்குக் கோபம் வந்தது. அப்புறம் கணவரின் சட்டையைப் பார்த்து ஓர் அழுகை. வீட்டில் பயந்துவிட்டார்கள், எனக்கு நிம்மதி. அழுதுவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கினால் பயப்பட வேண்டாம். தூக்கமும் பசியும் மறுபடி நாள்கணக்கில் கெட்டால் உடனே டாக்டரைப் பாருங்கள்.

மரத்துப்போன மனதோடு "இருந்து என்ன பயன்" என்ற எண்ணமும் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள்.